பெற்றோரிடம் பாட்டில் கேட்பது எப்படி? மூன்று குறிப்புகள், ஓர் ஒப்பீடு

ஆறாம் வகுப்பில் 32 பிள்ளைகள். நான்கு பேருக்கு ஒரு குழு என்றால் எட்டுக் குழுக்கள். கலங்கிய நீரை மணலும் கரியும் கொண்டு தெளிய வைக்கும் வடிகட்டியை ஒவ்வொரு குழுவும் தன் கையால் செய்ய வேண்டும். அதற்கான பொருட்களில் சிலவற்றை வீடுகளிலிருந்துதான் வாங்க முடியும். ஆகவே பெற்றோருக்கு ஒரு குறிப்பு அனுப்பியாக வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் இதை மூன்று விதமாகச் செய்கிறோம். முதல் வழி, வீட்டில் பயன்படாத பொருட்களைச் சுத்தம் செய்து அனுப்புங்கள் என்று பொதுவாகக் கேட்பது. இரண்டாவது, ஒரு பாடத்துக்கு மட்டும் இன்ன பொருள், இத்தனை, இப்படிக் கழுவி என்று படத்தோடு கேட்பது. மூன்றாவது, வீடுகளைத் தொந்தரவு செய்யாமல் டீக்கடை, சத்துணவுக்கூடம், பழைய பேப்பர் கடை என ஓரிடத்தில் நாமே சேகரிப்பது. மூன்றையும் இந்த வடிகட்டியை வைத்தே பார்க்கலாம்.

பொதுக் குறிப்பின் ஒரே நன்மை, எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும் என்பதே. மறுநாள் காலையில் வகுப்பறை மூலையில் பால் கவர், மருந்து அட்டை, உடைந்த பொம்மை, தெர்மகோல், ஷாம்பு பாக்கெட், டால்டா டப்பா எல்லாம் குவிந்துவிடும். நமக்கு வேண்டிய ஒரு லிட்டர் பாட்டில் அதில் மூன்றோ நான்கோ இருக்கும். வடிகட்டும் துணி ஒன்றுகூட இருக்காது. பால் கவரை யாரும் உள்ளே திருப்பிக் கழுவியிருக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் வகுப்பே நாறும். இதெல்லாம் வெறும் எரிச்சல்தான். உண்மையான சிக்கல் பாட்டிலில் இருக்கிறது.

நம் ஊர்களில் காலியான தண்ணீர் பாட்டில் குப்பைக்குப் போவதே அபூர்வம். அதில் பெட்ரோல் வாங்கி வைப்பார்கள். பினாயிலை ஊற்றி வைப்பார்கள். கழிவறைக்கான ஆசிட் அதில் நிற்கும். மா, தக்காளி, ரோஜாத் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதியைக்கூட அதில் மாற்றி வைக்கும் வீடுகள் உண்டு. 'பாட்டில் கொண்டு வா' என்றதும் பிள்ளையின் கைக்கு எட்டும் முதல் பாட்டில் அதுவாக இருக்கலாம். கழுவித்தான் கொண்டு வருவான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்ரோலும் பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிவிடும். சோப்புத் தண்ணீர் மேற்பரப்பை மட்டும்தான் கழுவும். பூச்சிமருந்து டப்பாவை மூன்று முறை அலசச் சொல்வது, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு டப்பாவைப் பாதுகாப்பாக ஒழிப்பதற்காக. மூன்று முறை அலசியதால் அது பள்ளிக்கு ஏற்றதாகிவிடாது.

இங்கே ஒரு குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கும் பூச்சிமருந்துக் கொள்கலன்களின் லேபிளில், முனையில் நிற்கும் ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்த படிகள். பச்சை இருப்பதிலேயே குறைந்த நஞ்சு. குறைந்தது என்றாலும் நஞ்சுதான். பிஸ்கட் பாக்கெட்டில் சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளியைத் தினமும் பார்த்துப் பழகிய வீட்டில், பச்சை என்றால் நல்லது என்ற எண்ணம் இயல்பாக வரும். ஆகவே குறிப்பில் நிறத்தைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். முனையில் நிற்கும் சதுரத்தை வரைந்து, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் போதும். எந்த நிறமானாலும் வேண்டாம்.

பொதுக் குறிப்பில் இன்னொரு கோளாறும் உண்டு. பயன்படாத பொருளைக் கேட்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். வீட்டிலோ அதைப் புதிதாக வாங்குகிறார்கள். குளிர்பானம் வாங்கும் பழக்கமே இல்லாத வீட்டில் பாட்டிலுக்காகவே குளிர்பானம் வாங்குவார்கள். உறிஞ்சுகுழல் கேட்டால் கடையைத் தேடி ஓடுவார்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், தெர்மகோல் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. தடை செய்த பொருளைப் பள்ளிக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு தாய் கடையில் கேட்பது நமக்கு அழகில்லை. நாளைக்கே வேண்டும் என்று எழுதினால் இந்தக் கோளாறு இரட்டிப்பாகும். பத்து நாள் அவகாசம் கொடுத்தால், தானாகக் காலியாகும் பாட்டில் வந்து சேரும்.

இரண்டாவது வழியை எடுத்துக்கொள்வோம். இதற்கு எழுதுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும், அதுதான் இதன் பாரம். வடிகட்டிக்கு ஒரு குழுவுக்கு ஒரே ஒரு லிட்டர் பாட்டில் போதும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெட்டினால் மேல்பகுதியைத் தலைகீழாக்கி வடிகட்டியாக வைக்கலாம். அடிப்பகுதி தெளிந்த நீரைப் பிடிக்கும் கிண்ணமாகிவிடும். எட்டுக் குழுவுக்கு எட்டு. வெட்டும்போது கெடுவதற்கும் நிராகரிக்க நேர்வதற்கும் நான்கு. ஆகப் பன்னிரண்டு. 32 வீடுகளையும் கேட்க வேண்டியதே இல்லை. யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அனுப்பட்டும், பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிடுவோம் என்று குறிப்பிலேயே சொல்லிவிட்டால், பாட்டில் இல்லாத வீட்டுப் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை. கொண்டு வந்தவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம்.

கூடவே, துவைத்த பழைய பருத்தித் துணி ஒரு சாண் சதுரம், எட்டுத் துண்டு. பாலியஸ்டர் வேண்டாம்; பாட்டிலின் கழுத்தில் கட்டினால் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பழைய வேட்டி, பனியன் நன்றாக நிற்கும். மணல், ஜல்லி, கரி மூன்றையும் வீடுகளிடம் கேட்காதீர்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாட்டிலைக் கழுவச் சொல்லும்போது முறையையும் எழுத வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒரு முறை குலுக்கிக் கொட்டி, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு மறுமுறை குலுக்கி, நுரை போகும்வரை அலச வேண்டும். கொதிநீர் கூடாது. தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணலாகும், வடிகட்டி நேராக உட்காராது. பிறகு மூடியைக் கழற்றி ஒரு முழு நாள் கவிழ்த்துவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி போட்டால் இரண்டே நாளில் புழுங்கல் வாடை வந்துவிடும்.

எல்லாரும் செய்வதற்கு மாறாக நான் வலியுறுத்தும் ஒன்று உண்டு. லேபிளைக் கிழிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். கழுவி, லேபிளை உரித்து, பளபளப்பாக அனுப்புவதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று பழக்கியிருக்கிறோம். உரித்துவிட்டால் அதில் முன்பு என்ன இருந்தது என்பதற்கு நமக்கு எந்தத் தடயமும் இல்லை. லேபிள் இருந்தால் பூச்சிமருந்து டப்பா உடனே தெரிந்துவிடும். சரிபார்த்தபின் வகுப்பிலேயே ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து உரித்துக்கொள்ளலாம்.

லேபிள் மட்டும் போதாது என்பதும் உண்மை. தண்ணீர் பாட்டிலிலேயே பினாயில் இருந்திருந்தால் லேபிள் காட்டிக்கொடுக்காது. அதனால் வந்த ஒவ்வொரு பாட்டிலையும் ஆசிரியர் பார்க்க வேண்டும், பிள்ளைகளிடம் விடக்கூடாது. மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி வாடை பாருங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், மருந்து வாடை இலேசாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். வாடை இல்லையென்றால் கால் தம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். பால்போல் வெளுத்தால் பினாயில். வெறும் நுரை மட்டும் வந்தால் பெரும்பாலும் கழுவிய சோப்பின் மீதி. இரண்டு முறை அலசிவிட்டு மறுபடி பாருங்கள். பாட்டில் எங்கிருந்தது, அதில் என்ன வைத்திருந்தீர்கள் என்று பிள்ளையிடம் கேட்பதும் சோதனைதான். மாட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்தது, பம்புசெட்டில் இருந்தது என்று சொன்னால் மேற்கொண்டு யோசிக்காமல் ஒதுக்குங்கள். ஒதுக்கியதைப் பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வழி, ஓரிடச் சேகரிப்பு. இதில் எனக்குப் பிடித்தது, பொருளின் வரலாறு நமக்குத் தெரியும் என்பது. சத்துணவுக்கூடத்துக்கு முப்பது முட்டை கொள்ளும் காகித அட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டால் நறுக்கென்று பத்து அட்டை கிடைக்கும். வண்ணம் தீட்டவும் முகமூடி செய்யவும் அருமையான பொருள். ஆனால் முட்டை ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். காகித அட்டையைக் கழுவ முடியாது. வெயிலில் காயவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பவும் முடியாது. ஆகையால் மஞ்சள் கறையோ எச்சமோ ஒட்டிய அட்டையைத் தள்ளிவிட்டு, கறையில்லாததை மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். விதை முளைக்கவைக்க முட்டை அட்டையைப் பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். ஒரு வாரம் நனைந்தே கிடக்கும் அட்டை கரைந்து ஒழுகும், கிருமி இருந்தால் பெருகவும் செய்யும். அதற்குக் கொட்டாங்குச்சி இருக்கிறது: கழுவலாம், ஒழுகாது, எல்லா வீட்டிலும் உண்டு.

வடிகட்டிக்கான கரியை இஸ்திரிக் கடையில் வாங்கலாம். அரைக் கிலோ எட்டுக் குழுவுக்கும் தாராளம். வீட்டில் கேட்டால் அடுப்புச் சாம்பலும், குப்பையோடு சேர்த்து எரித்த கரியும் வரும். மணலும் அப்படியே. இப்போது வீடு கட்டுமிடத்தில் கிடப்பது பெரும்பாலும் எம்-சாண்ட், அதாவது கிரஷரில் கல்லை நொறுக்கிய மணல். அதில் மாவுபோன்ற தூசு நிறைய இருக்கும். கழுவாமல் போட்டால் வடிகட்டியிலிருந்து வரும் நீர், ஊற்றிய நீரைவிடக் கலங்கலாக இருக்கும். பிள்ளைகள் தங்கள் செய்முறைதான் தவறு என்று எண்ணிக்கொள்வார்கள். ஒரு வாளியில் போட்டுக் கிளறி, கலங்கல் நீரைக் கொட்டி, மேல்நீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். காய்ந்த எம்-சாண்டைச் சலிக்கக் கூடாது. அந்தக் கல்தூசு நுரையீரலுக்குக் கெடுதல். இந்த வேலையைப் பள்ளியே செய்தால்தான் எட்டுக் குழுவுக்கும் ஒரே தரம் கிடைக்கும். சிறு ஜல்லியும் வீடு கட்டுமிடத்திலேயே கிடைக்கும்.

நம் இரு மாவட்டங்களிலும் கிடைக்கும் இன்னொரு பொருள் பட்டுக்கூடு. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டு வருவார்கள். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு என்றால் மாலை, பூ செய்ய மிக நன்று. துளை இல்லாத கூட்டுக்குள் கூட்டுப்புழு இருக்கும். இறந்தால் நாறும், வண்டு வரும். குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது ஆடினால் வேண்டாம். புழு வளர்ப்புத் தட்டு, தாள், மனையில் விரித்த பிளாஸ்டிக் எதையும் வாங்காதீர்கள். வளர்ப்பு மனையைப் பிளீச்சிங் பவுடரும் ஃபார்மலினும் கொண்டு சுத்திகரிப்பார்கள். அந்த மிச்சம் அதில் ஒட்டியிருக்கலாம்.

ஓரிடச் சேகரிப்புக்கும் எல்லை உண்டு. பழைய பேப்பர் கடையில் பாட்டில் எடுப்பது பார்ப்பதற்கு எளிய வழி. உண்மையில் மூன்று வழிகளிலும் மோசமானது அதுதான், எந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. டீக்கடை, பேக்கரியில் காலியாகும் தண்ணீர் பாட்டில் பரவாயில்லை, அவற்றை அன்றன்றே எடுத்துவிட்டால். அட்டைப்பெட்டி, துணிக்கடைக் குழல் ஆகியவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், கடையில் கேளுங்கள்.

சில பொருட்களை இந்த மூன்று வழிகளிலும் கேட்கக் கூடாது. பள்ளியே விலைக்கு வாங்க வேண்டும். நீரழுத்தம் காட்ட ஊசியில்லாத சிரிஞ்சு வேண்டுமென்றால் மருந்துக்கடையில் புதிதாக வாங்குங்கள். சிரிஞ்சு என்று குறிப்பில் எழுதினாலே, சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து போட்ட ஊசி வந்துவிடும். மின்சுற்றுக்கு 1.5 வோல்ட் புது உலர் மின்கலம் வாங்குங்கள். பழையதைக் கேட்டால் கசிந்ததும், செல்போன் பேட்டரியும், கைக்கடிகாரத்தின் பொத்தான் பேட்டரியும் சேர்ந்து வரும். பொத்தான் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடும். டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு உடைந்தால் பாதரசம். பெயிண்ட் டப்பாவில் ஈயம் இருக்கக்கூடும். மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டிலிருந்து பெரிய தகர டப்பா வருவதுண்டு. பார்க்க நன்றாக இருந்தாலும் வெட்டிய விளிம்பு கத்திதான்.

ஆக, என் முடிவு இது. பாட்டிலுக்கும் துணிக்கும் இரண்டாவது வழி. கரி, மணல், ஜல்லி, முட்டை அட்டைக்கு மூன்றாவது. பொதுக் குறிப்பை எந்தப் பாடத்துக்கும் எழுத மாட்டேன், ஆண்டுவிழா அலங்காரத்துக்கும்கூட.

குறிப்பு இப்படி இருக்கலாம்:

*அன்பான பெற்றோருக்கு வணக்கம். ஆறாம் வகுப்பில் நீர் வடிகட்டி செய்யப் போகிறோம். உங்கள் வீட்டில் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் அல்லது குளிர்பான பாட்டில் இருந்தால் ஒன்று மட்டும் கொடுத்தனுப்புங்கள். பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, மூடியைக் கழற்றி, ஒரு நாள் கவிழ்த்து உலரவைக்கவும். லேபிளைக் கிழிக்க வேண்டாம். துவைத்த பழைய பருத்தித் துணி ஒரு சாண் அளவு இருந்தாலும் அனுப்பலாம்.*

*பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, உரம், பெயிண்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒரு முறையேனும் வைத்த பாட்டிலைக் கழுவியிருந்தாலும் அனுப்ப வேண்டாம். கண்ணாடி, பேட்டரி, ஊசி, மருந்து அட்டை, பல்பு வேண்டாம்.*

*இதற்காக எதையும் புதிதாக வாங்காதீர்கள். வீட்டில் இல்லையென்றால் அனுப்பத் தேவையில்லை, மதிப்பெண் எதுவும் இதில் இல்லை. பன்னிரண்டு பாட்டில் சேர்ந்ததும் தெரிவிக்கிறோம். கடைசி நாள்: வரும் வாரம் வெள்ளிக்கிழமை. பாட்டில் மூடிகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.*

மூடியைப் பற்றிய கடைசி வரி சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். இந்தப் பாட்டில்களின் கழுத்து ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விழுங்கித் தொண்டை அடைத்துக்கொள்ளக்கூடிய பொருளைச் சோதிக்கும் குழாயின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். மூடி அதற்குள் போய்விடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆபத்தில்லை. அங்கன்வாடிக்குப் போகும் அவன் தங்கைக்கு உண்டு.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பலர். உருது பேசும் வீடுகளும் உண்டு. கம்பெனிப் பஸ்ஸுக்காக விடியற்காலையில் கிளம்பிவிடும் பெற்றோருக்குப் பதில் குறிப்பைப் பார்ப்பவர் பாட்டியாக இருப்பார். ஆகவே குறிப்பின் மேல்பாதியில் இரண்டு கட்டம் வரையுங்கள். ஒன்றில் லேபிளோடு கவிழ்ந்த பாட்டில், சரி என்ற குறி. மற்றதில் முனையில் நிற்கும் சதுரம், பெட்ரோல் கேன், ஊசி, பேட்டரி, குறுக்கே பெருக்கல் குறி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுத்தைவிட ஒரு நிமிடக் குரல்பதிவு மேல். அந்தந்த மொழி பேசும் பெற்றோர் ஒருவரிடம் கேட்டால் பேசிக் கொடுப்பார்.

பாட்டில் வந்தபின் வெட்டும் வேலை ஆசிரியருடையது. முதல் துளையைப் பேப்பர் கட்டரால் போட்டு, மீதியைக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி, விளிம்பில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். தலைகீழ்ப் பாட்டிலின் வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் இரண்டு விரல்கடை கரி, மூன்று விரல்கடை நைஸ் மணல், இரண்டு விரல்கடை பெருமணல், மேலே ஜல்லி. கரியைக் கழுவாமல் போட்டால் முதலில் கறுப்பு நீர் வரும், அதை ஊற்றிவிட்டு மறுபடி வடிக்கச் சொல்லுங்கள். நீர் கண்ணுக்குத் தெளிந்துவிட்டாலும் கிருமி போகவில்லை, குடிக்கக் கூடாது என்பதை ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தெளிந்த நீரைப் பார்த்ததும் ஒருவனாவது வாயில் வைத்துப் பார்ப்பான்.

மிஞ்சிய பாட்டில்களை மூடியில்லாமல் வெளியே போட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். ஒரு சாக்கில் கட்டிக் கூரைக்குக் கீழே வைத்து, பாடம் முடிந்த வாரமே பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.